முதல் தாளில் 34 என்றால் இரண்டாம் தாளில் எத்தனை எடுக்க வேண்டும்?

பச்சைமலை அடிவாரம், 6 அக்டோபர், இரவு 9.40

எம்.காம். முடித்துவிட்டுக் கோபி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை செய்கிறேன். வணிகவியலில் நெட் தேர்வு எழுதப் போகிறேன். மாதிரித் தேர்வு எத்தனை முறை எழுதினாலும் முதல் தாளில் 34ஐத் தாண்ட முடியவில்லை. எங்கள் துறையில் ஓர் அக்கா, முதல் தாளில் தனியாக 40 எடுக்காவிட்டால் இரண்டாம் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்கிறார். இன்னொருவர், இரண்டையும் கூட்டி 40 சதவீதம் வந்தால் போதும் என்கிறார். எது சரி? கூட்டுவது சரியென்றால் இரண்டாம் தாளில் எத்தனை எடுத்தால் தேறலாம்?

சென்னிமலைத் தறி, 6 அக்டோபர், இரவு 10.05

கூட்டுவதுதான் சரி. கணக்கும் எளிது. முதல் தாளில் 34 சதவீதம், இரண்டாம் தாளில் 46 சதவீதம். இரண்டுக்கும் சராசரி 40. இரண்டாம் தாள் 200 மதிப்பெண் என்பதால் 92 வேண்டும்.

தாராபுரத்தார், 6 அக்டோபர், இரவு 11.20

கூட்டுவது சரி. 92 சரியில்லை, தம்பி.

முதல் தாள் 100, இரண்டாம் தாள் 200, ஆக மொத்தம் 300. அதில் 40 சதவீதம் என்பது 120. கையில் இருப்பது 34. மீதி வேண்டியது 86. இரண்டாம் தாளில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண். 43 கேள்விகள் சரியாக இருந்தால் போதும்.

நீங்கள் இரண்டு சதவீதங்களையும் சமமாக வைத்துச் சராசரி எடுத்துவிட்டீர்கள். இரண்டு தாளுக்கும் ஒரே உச்ச மதிப்பெண் இருந்தால்தான் அது செல்லும். இங்கே இரண்டாம் தாள் இரட்டிப்புக் கனம். அங்கே ஒரு சதவீதம் ஏறினால் 2 மதிப்பெண் வரும். முதல் தாளில் பட்ட 6 மதிப்பெண் குறையை அடைக்க இரண்டாம் தாளில் 3 சதவீதம் கூடுதலாக எடுத்தால் போதும், 43 சதவீதம்.

என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதத்துக்கு எத்தனை மதிப்பெண் குறைகிறது, எத்தனை கூடுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசித் தாளின் 40 சதவீதத்தோடு அந்தக் குறையைச் சேர்த்தால் விடை. உங்களுக்குக் குறை 6. இரண்டாம் தாளின் 40 சதவீதம் 80. இரண்டும் சேர்ந்து 86. ஐந்து தாள் உள்ள தேர்வுக்கும் இதே கணக்குத்தான். நான்கு தாள்களில் 38, 31, 46, 35 என்று வந்திருந்தால் 2 குறை, 9 குறை, 6 மிகை, 5 குறை; நிகரக் குறை 10. கடைசித் தாள் 100க்கு இருந்தால் 50 வேண்டும், 200க்கு இருந்தால் 90, 50க்கு இருந்தால் 30. அதே 10 மதிப்பெண் குறைதான். ஆனால் சதவீதம் 50, 45, 60 என்று மாறுகிறது. சிறிய தாளைக் கடைசியில் வைத்துக்கொண்டு பழைய குறையை அடைப்பது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும்.

தாராபுரத்தார், 6 அக்டோபர், இரவு 11.45

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. முன்பு மூன்று தாள்கள் இருந்தன. தாளுக்குத் தாள் தனியான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் இருந்தது. மூன்றாம் தாள் விரிவாக எழுதும் தாளாக இருந்த காலத்தில், முதல் இரண்டிலும் குறைந்தபட்சம் எடுத்தவர்களின் மூன்றாம் தாளை மட்டுமே திருத்தினார்கள். 2018 ஜூலைத் தேர்விலிருந்து இரண்டே தாள்கள். இப்போது இரண்டையும் எழுதியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 40 சதவீதம் வர வேண்டும். தனித் தாளுக்குக் கீழ்வரம்பு கிடையாது. முதல் தாளில் பூஜ்யம் வாங்கியவர்கூட இரண்டாம் தாளில் 120 எடுத்தால் இந்த வரம்பைத் தொட்டுவிடலாம்.

அந்தியூர்க்காரன், 7 அக்டோபர், காலை 7.15

அண்ணா, எனக்கும் இதே பிரச்சினைதான். பி.எஸ்சி. கடைசிப் பருவத்தில் இயற்பியல் ஒன்றில் 36 வந்து அரியர் விழுந்துவிட்டது. மற்ற தாள்களிலெல்லாம் 60க்கு மேல். கூட்டிப் பார்த்தால் 40ஐத் தாண்டி வெகுதூரம் போகிறது. அப்படியானால் எனக்குத் தேர்ச்சிதானே? கல்லூரியில் போய்க் கேட்கலாமா?

தாராபுரத்தார், 7 அக்டோபர், காலை 8.30

இல்லை தம்பி. உங்கள் பட்டப்படிப்பில் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக 40 எடுக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஒரு தாளின் மிகை இன்னொரு தாளின் குறையை அடைக்காது. அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதிவிடுங்கள். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி தாண்டியிருக்காவிட்டால் அதையும் முயன்று பாருங்கள். 4 மதிப்பெண் குறைவு என்றால் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

கரூர்க் கணக்கர், 7 அக்டோபர், மதியம் 1.10

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சி.ஏ., சி.எம்.ஏ. தேர்வுகளில் இரண்டு விதியும் ஒன்றாக உண்டு. ஒவ்வொரு தாளிலும் 40, தொகுதி முழுவதற்கும் சேர்த்து 50 சதவீதம். எல்லாத் தாளிலும் 40, 42 என்று எடுத்துவிட்டு மொத்தத்தில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகன் கடைசித் தாளுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து, இதில் 68 எடுத்தால் தொகுதி தேறும் என்று கணக்குப் போட்டான். அவன் பலவீனமான பாடமே அதுதான். போட்ட கணக்கு சரி, எடுத்தது 51. ஆகவே எந்தத் தேர்வானாலும் விதி இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதை முதலில் பாருங்கள்.

பச்சைமலை அடிவாரம், 7 அக்டோபர், இரவு 9.00

நன்றி அண்ணா. 86 என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் வணிகவியல் மாதிரித் தேர்வுகளில் 70க்கும் 84க்கும் இடையில்தான் வருகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை என்பதால் தெரியாததற்கெல்லாம் எதையாவது குறித்துவிடுகிறேன். அந்தக் குருட்டு விடைகளை எவ்வளவு நம்பலாம்?

தாராபுரத்தார், 8 அக்டோபர், காலை 5.50

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் நான்கில் ஒன்று சரியாக அமையும் என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில் 50 கேள்விகள். ஒன்றுமே தெரியாதவருக்கும் சராசரியாகப் பன்னிரண்டரை கேள்விகள், அதாவது 25 மதிப்பெண் வந்துவிடும். உங்கள் 34 என்பது 17 கேள்விகள். அதில் எத்தனை நிஜமாகத் தெரிந்தவை? 6 தெரிந்து, மீதி 44இல் நான்கில் ஒன்றாக 11 சரியானால் 17 வரும். ஆகவே உங்கள் முதல் தாளில் உறுதியாகத் தெரிந்தது ஆறு கேள்விகள்தான். இதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். வேலை எங்கே இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது.

இரண்டாம் தாளிலும் இப்படியே. 43 சரியாக வர, 24 உறுதியாகத் தெரிந்து, மீதி 76இல் 19 அதிர்ஷ்டத்தில் வர வேண்டும். இரண்டு தாளையும் சேர்த்தால் 150 கேள்விகளில் 30 தெரிந்தால் சராசரியாக 120 வந்துவிடும்.

சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். மீதி 120 கேள்விகளில் குருட்டு விடை எப்போதும் சரியாக 30 தராது. ஒரு நாள் 25 தரும், ஒரு நாள் 35 தரும். ஆகவே 30 மட்டும் தெரிந்துகொண்டு அரங்குக்குள் போகிறவர் வரம்பைத் தொடுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. உறுதியானவை 42 ஆனால் நிலைமை வேறு. மீதி 108இல் சராசரி 27. அது 18க்குக் கீழே போனால்தான் நீங்கள் 120ஐத் தவறவிடுவீர்கள். அப்படி நடப்பது நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான். 30க்கும் 42க்கும் நடுவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு கேள்விகள்தான் உங்கள் அடுத்த இரண்டு மாதப் படிப்பு.

எதுவும் தெரியாமல் 150க்கும் குறித்துவிட்டு 120 எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சராசரி 75இல் நிற்கும். அங்கிருந்து 45 மதிப்பெண் அதிர்ஷ்டத்தில் ஏறாது.

சென்னிமலைத் தறி, 8 அக்டோபர், காலை 10.30

கனம் விஷயம் புரிந்தது. ஆனால் குருட்டு விடைக்கு நான்கில் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கூற்று, காரணம் என்று இரண்டு வாக்கியம் தந்து கேட்கும் கேள்விகளில் அரைகுறையாகத் தெரிந்தவன்தான் அதிகம் ஏமாறுகிறான். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது என்பதைப் பார்த்ததுமே கை அங்கே போகிறது. எனக்கு அந்த வகையில் நான்கில் ஒன்றைவிடக் குறைவாகத்தான் சரியாகிறது.

தாராபுரத்தார், 8 அக்டோபர், மதியம் 2.15

இதை ஒப்புக்கொள்கிறேன். நான்கில் ஒன்று என்பது எதுவுமே தெரியாதவருக்கான கணக்கு. பாதி தெரிந்தவருக்கு விலகலும் உண்டு, லாபமும் உண்டு. இரண்டு விடைகளை நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் வாய்ப்பு இரண்டில் ஒன்றாகிவிடுகிறது. கேள்வி தயாரிப்பவர் விரித்த வலையில் விழுந்தால் நான்கில் ஒன்றுக்கும் கீழே போகிறது. உங்கள் மாதிரித் தேர்வில் ஐயத்தோடு குறித்தவற்றைத் தனியாக வட்டமிட்டு, அதில் எத்தனை சரியானது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கைக்கான அளவு அதிலிருந்துதான் தெரியும்.

பொள்ளாச்சி மேற்கு, 8 அக்டோபர், இரவு 10.50

எல்லோரும் 120 என்பதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் 120ஐத் தாண்டியவள். ஆங்கில இலக்கியம். 2024 ஜூன் 18 அன்று தாளில் எழுதினேன். மறுநாள் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். பிறகு கணினியில் மறுபடி எழுதினேன். மதிப்பெண் 40 சதவீதத்துக்கு மேல் வந்தது. வீட்டில் இனிப்புகூட வாங்கிவிட்டார்கள். தேர்ச்சிப் பட்டியலில் பெயர் இல்லை.

40 சதவீதம் வரிசையில் நிற்பதற்கான அனுமதி மட்டுமே. இரண்டு தாளையும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி. அந்த இடங்களை இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் பாடத்துக்கும் பிரித்துவிடுவார்கள். என் பாடத்தில் பொதுப்பிரிவுக்குக் கடைசி வரம்பு 40ஐவிட வெகு மேலே இருந்தது. தங்கை, 86க்குக் குறிவைத்துப் படிக்காதே.

பச்சைமலை அடிவாரம், 8 அக்டோபர், இரவு 11.30

அக்கா, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேறினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தாராபுரத்தார், 9 அக்டோபர், காலை 6.10

பொள்ளாச்சி அம்மணி சொன்னது உண்மை. நான் முதலிலேயே சொல்லாததற்குக் காரணம், கேட்டது 40 சதவீதக் கணக்கு. அதைத் தெளிவாக்கிவிட்டு இதற்கு வரலாம் என்று நினைத்தேன். வரம்பு இரண்டு. முதலாவது 120, அது நிலையானது. இரண்டாவது ஒவ்வொரு பருவத்திலும் உடன் எழுதுபவர்களைப் பொறுத்து நகரும். அதற்குக் கடைசித் தாளில் இத்தனை போதும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணக்குப் போட முடிந்தது முதல் வரம்புக்கு மட்டுமே.

இன்னொன்று. 120 என்பது பொதுப்பிரிவுக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கும். இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 35 சதவீதம். 300இல் 35 சதவீதம் 105. ஆனால் மதிப்பெண் இரண்டிரண்டாகத்தான் ஏறும். ஆகவே நடைமுறையில் 106, அதாவது 53 கேள்விகள். முதல் தாளில் 34 என்றால் இரண்டாம் தாளில் 72 போதும். உங்கள் பிரிவைச் சொல்ல வேண்டாம். வீட்டில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது மாநில அரசுக்கானது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்று வட்டாட்சியர் தரும் சான்றிதழ்தான் இதற்குச் செல்லும். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வருமானச் சான்று, பெற்றோர் விவரம் என்று அலைய நேரம் இருக்காது.

தாராபுரத்தார், 9 அக்டோபர், இரவு 8.20

பகலெல்லாம் உங்கள் முதல் தாளையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தாளை உயர்த்தி அடைப்பதைவிட முதல் தாளை உயர்த்துவது உங்களுக்கு மலிவு.

முதல் தாளில் பத்து அலகுகள், அலகுக்கு ஐந்து கேள்வி. அதில் ஒரு பத்தியைப் படித்து விடை தரும் ஐந்தும், ஓர் அட்டவணையைப் பார்த்து விடை தரும் ஐந்தும் மனப்பாடம் கேட்காதவை. விடை அங்கேயே, கண்ணெதிரே இருக்கிறது. வணிகவியல் படித்தவருக்கு அட்டவணை புதிதில்லை. ஓர் உதாரணம்: ஒரு நூற்பாலையின் உற்பத்தி ஓர் ஆண்டில் 240 டன், அடுத்த ஆண்டில் 180 டன். எத்தனை சதவீதம் குறைந்தது? 60ஐ 240ஆல் வகுத்தால் 25. அவசரத்தில் 180ஆல் வகுப்பவருக்கு 33.3 வரும், அதையும் ஒரு விடையாகத் தயாராக வைத்திருப்பார்கள். எதில் சதவீதம் என்று ஒரு நொடி நின்று கேட்டுக்கொண்டால் அந்த ஐந்தில் நான்கு உங்களுடையது.

இந்தப் பத்துக் கேள்விகளில் புதிதாக ஆறு உறுதியானால் எத்தனை ஏறும்? 12 என்று தோன்றும். 9தான் ஏறும், ஏனென்றால் அதே கேள்விகளில் குருட்டு விடையும் நான்கில் ஒன்று தந்துகொண்டுதான் இருந்தது. புதிதாகக் கற்கும் ஒவ்வொரு கேள்விக்கும் லாபம் ஒன்றரை மதிப்பெண். 34 என்பது 43 ஆகும். பிறகு இரண்டாம் தாளில் 120ஐத் தொட 78 போதும். உங்களுக்கு இப்போதே 70 முதல் 84 வரை வருகிறதே.

பச்சைமலை அடிவாரம், 10 அக்டோபர், இரவு 9.15

பழைய வினாத்தாள் ஒன்றில் அட்டவணைக் கேள்வி ஐந்தையும் நேரம் பார்க்காமல் போட்டேன். நான்கு சரி. பத்தியில் மூன்றுதான். நேரம் வைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துச் சொச்சம்தான். அட்டவணைக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி மேற்கு, 10 அக்டோபர், இரவு 9.50

எட்டு நிமிடம் தாராளமாக எடுத்துக்கொள். என் இரண்டாம் தாளில் பாதிக் கேள்விகள் தெரியும், தெரியாது என்று அரை நிமிடத்தில் முடிந்துவிட்டன. அங்கே மிச்சமாகும் நேரம் இங்கே வரும். கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் ஒதுக்கிவை. விடப்பட்ட கேள்வி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கரூர்க் கணக்கர், 11 அக்டோபர், காலை 9.30

விடப்பட்டவற்றுக்கெல்லாம் ஒரே விடையை, மூன்றாவதையே குறித்துக்கொண்டு போவது நல்லது என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள். நான்கு விடைகளும் சம அளவில் வைக்கப்பட்டிருந்தால் அது நியாயமாகத்தான் படுகிறது.

சென்னிமலைத் தறி, 11 அக்டோபர், காலை 11.00

நான் மாற்றி மாற்றிக் குறிப்பேன். ஒரே எண் வரிசையாக வந்தால் மனம் ஒப்பாது.

தாராபுரத்தார், 11 அக்டோபர், இரவு 7.40

சராசரியில் இரண்டும் ஒன்றுதான். கணக்கர் ஐயா சொல்வதுபோல் விடைகள் சமமாகப் பரவியிருந்தால், ஒரே எண்ணைக் குறிப்பவருக்கு ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறையும். வரம்புக்குச் சற்று மேலே இருப்பவருக்கு அது உதவும். கீழே இருப்பவருக்கு ஏற்ற இறக்கமே நண்பன். ஆனால் கணினித் தேர்வில் விடைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறபோது அந்தச் சமப் பரவலை எதிர்பார்க்க முடியுமா என்பதில் எனக்கு ஐயம். பொள்ளாச்சி அம்மணி, உங்கள் விடைப் பதிவுத் தாளும் விடைக்குறிப்பும் இன்னும் கையில் இருந்தால், நூறு கேள்விகளில் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை சரியான விடையாக வந்தது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி மேற்கு, 11 அக்டோபர், இரவு 10.10

பதிவிறக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணிச் சொல்கிறேன்.